செயல்வழிக் கற்றல் அட்டைகள் ஏன் அலமாரிக்குள் போயின?

நிலாச்சோறு: தமிழக அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஊரே கொண்டாடியது. அப்புறம் ஏன் பல பள்ளிகளில் டீச்சர்கள் சத்தமில்லாமல் கரும்பலகைக்கே திரும்பிவிட்டார்கள்? சோம்பேறித்தனமா?

சாக்பீஸ்: வேறென்ன? புதுசு என்றாலே நம்மவர்களுக்கு அலர்ஜி. மேலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தால் தானாக நடந்திருக்கும்.

பழைய பயிற்றுநர்: இறுக்கிப் பிடித்ததால் வந்த வினைதான் அது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியபோது, ஆசிரியர்கள் இந்த முறைக்கு முன்மாதிரியான ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளிக்குப் போய் நேரில் பார்த்தார்கள். அட்டை தயாரித்ததிலும் அவர்கள் கை இருந்தது. 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியபோது அட்டைகள் அச்சாகி வந்தன, கூடவே உத்தரவும் வந்தது.

பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் பிள்ளை தன் படியைப் பார்த்து, அதே படக்குறி உள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். அந்த அட்டை தொலைந்தால் அந்தப் படிக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளும் அங்கேயே நிற்பார்கள். மாற்று அட்டை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் என்ன செய்வார்? அதைக் கரும்பலகையில் எழுதி எல்லோருக்கும் சேர்த்து நடத்துவார். நாலு அட்டை போனால் வகுப்பே பழைய வகுப்புதான்.

ஆய்வுக்கு வருபவர் கேட்டதோ யார் எந்தப் படியில் என்று குறிக்கும் அடைவு அட்டவணையை. முந்தின நாளே ஒரே பேனாவில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். எல்லாப் பிள்ளையும் ஒரே படியில் நின்றால் அங்கே முறை நடக்கவில்லை என்று அர்த்தம். ஆளுக்கொரு படியில் நிற்கத்தானே அது வந்தது? அதைக் கவனித்துக் கேட்டவர்கள் சொற்பம்.

தமிழரசி அம்மா: என் பெண் அப்போது மூன்றாம் வகுப்பு. நோட்டில் ஒரு வரிகூட இருக்காது! அடுத்த வருஷமே இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டேன். இப்போதும் அப்படித்தானா? யாரிடம் புகார் கொடுப்பது?

பழைய பயிற்றுநர்: புகார் வேண்டாம் அம்மா. ஆனால் நீங்கள் சொன்னதும் ஒரு காரணம்தான். நோட்டைப் பார்க்கும் பெற்றோருக்காகவே பலர் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து நடத்தினார்கள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்: ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமென 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது நல்ல யோசனை. ஆனால் மூன்று வகுப்பையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். ஆப்பில் மதிப்பீடு ஏற்றி முடிப்பதற்குள் மலர் பிள்ளைகள் ஜன்னல் ஏறிவிடுவார்கள். கையேட்டில் உள்ள பாட்டை விட்டுவிட்டு ஊர்ப்பாட்டில் எழுத்து சொல்லித் தருகிறேன். சுற்றுவட்டப் பள்ளி டீச்சர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி டீச்சர் தன் பிள்ளைகளின் நோட்டைக் காட்டிப் பேசியது உதவியது. அங்கே திரையில் காட்டிய பி.பி.டி. எதுவும் நினைவில் இல்லை.

சாக்பீஸ்: ஆளாளுக்குப் பாட்டை மாற்றினால் அது என்ன பொதுத் திட்டம்?

பழைய பயிற்றுநர்: பாட்டை மாற்றட்டும், மதிப்பீட்டைத் தொடக் கூடாது. எதை மாற்றலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்: சரி சார், மூன்று வகுப்புக்கு ஒரே ஆள் என்பதற்கு?

பழைய பயிற்றுநர்: அதற்கு என்னிடம் பதில் இல்லை. போஸ்டிங் போட வேண்டும், அவ்வளவுதான்.