“தங்களால் இயன்ற தொகை” என்ற வரியை எடுங்கள்

(மின்பணியாளர் சங்க நிர்வாகிகளின் வாட்ஸ்அப் குழு, 8-ஆம் தேதி இரவு)

செயலாளர்: வணக்கம். பயிற்சி நாளுக்கு ஸ்பான்சர் கேட்டு ஒயர் கம்பெனிக்கு அனுப்பும் கடிதம் இது. பார்த்துச் சொல்லுங்கள், காலையில் அனுப்பிவிடுகிறேன்.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, எங்கள் சங்கம் 19 ஆண்டுகளாகச் சீரும் சிறப்புமாகச் செயல்பட்டு வருவது தாங்கள் அறிந்ததே. அடுத்த மாதம் 28-ஆம் தேதி மின்பாதுகாப்புப் பயிற்சி நாளை வெகு விமரிசையாக நடத்த உள்ளோம். தாங்கள் பெரிய மனதுடன் தங்களால் இயன்ற தொகையை வழங்கி விழா சிறக்க உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

தலைவர்: அருமை. லெட்டர்ஹெட்டில் அடித்து, என் கையெழுத்தும் முத்திரையும் வைத்தால் போதும்.

பெரியவர்: ஸ்பான்சர் கடிதம் என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட் இணைக்க வேண்டுமே? என் மகள் எங்களைக் கூப்பிட்டபோது மூன்று மாதத்துக்குக் கேட்டார்கள்.

தம்பி: ஐயா, அது விசாவுக்கு 😄 இது விழாவுக்கு.

பெரியவர்: ஓ, சரி சரி.

விற்பனை அண்ணன்: செயலாளர், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் 11 வருடம் இந்த மாதிரிக் கடிதங்களைப் பிரித்தவன் நான். இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் “பிறகு பார்க்கலாம்” ஃபைலுக்குப் போயிருக்கும். அந்த ஃபைலை யாரும் பார்த்ததே இல்லை.

செயலாளர்: ஏன் அண்ணா? மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறேன்?

விற்பனை அண்ணன்: மரியாதைக்குக் குறையே இல்லை. நான் கடிதத்தை நின்றுகொண்டே படிப்பேன், கையில் பென்சில் இருக்கும். எவ்வளவு கேட்கிறார்கள் என்று தேடி அந்தத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அடுத்தது தேதி, அதற்கும் ஒரு வட்டம். உங்கள் கடிதத்தில் முதல் வட்டம் போட இடமே இல்லை. “இயன்ற தொகை” என்று எழுதினால், எவ்வளவு என்று முடிவுசெய்கிற வேலையை என் தலையில் கட்டுகிறீர்கள். நான் பெரிய தொகை எழுதினால் மேலே ஏன் என்று கேட்பார்கள். அதனால் யாரும் கேள்வி கேட்காத அளவுக்குச் சின்னதாகத்தான் எழுதுவேன்.

தலைவர்: தொகை போட்டால் பேரம் பேசுவது போல இருக்காதா? நன்கொடை கேட்பதற்கு ஒரு முறை உண்டே.

விற்பனை அண்ணன்: நன்கொடைக்கு நீங்கள் சொல்வது ஓரளவு சரிதான் தலைவரே. ஆனால் நாம் கேட்பது நன்கொடை இல்லை. பல கம்பெனிகளில் நன்கொடைக்கு ஒரு கணக்கு, விளம்பரத்துக்கு இன்னொரு கணக்கு. கையெழுத்துப் போடுகிற ஆளும் வேறு. “உதவுங்கள்” என்று எழுதினால் கடிதம் நன்கொடைப் பக்கம் போகும். அங்கே பள்ளிக்கூடம், மருத்துவ உதவி என்று கேட்டு வந்த கடிதங்களோடு நம்முடையதும் நிற்கும், அதில் நாம் ஜெயிக்க முடியாது. விளம்பரப் பக்கம் போனால் நாம்தான் ராஜா. ஒயர் வாங்குகிற வீட்டுக்காரர் எந்த பிராண்ட் என்று யாரைக் கேட்கிறார்? நம்மைத்தானே?

பொருளாளர் அக்கா: ரசீது விஷயமும் இதில் வருகிறது. விளம்பரத்துக்குப் பணம் தருகிறவர்கள் ரசீது போதாது, பில் வேண்டும் என்பார்கள். போன முறை அதனாலேயே பணம் வந்து சேர ஒரு மாதம் இழுத்தது. சங்கத்தின் பெயரும் பேங்க் கணக்கில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இந்தத் தடவை முதலிலேயே பார்த்துவிடுகிறேன்.

தம்பி: எங்கள் வாலிபால் டீமுக்கு லெட்டரே இல்லாமல் பனியன் வாங்கிக் கொடுத்தார்கள். நேரில் போனோம், அவ்வளவுதான்.

விற்பனை அண்ணன்: கடைக்காரர் முதலாளியாக இருந்தால் நேரில் போவதுதான் சரி தம்பி, அங்கேயே கல்லாவைத் திறப்பார். கம்பெனியில் நீ பார்க்கிற ஆள் இன்னும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும். நீ பேசியது அவர்களுக்குப் போய்ச் சேராது, காகிதம்தான் போகும்.

செயலாளர்: சரி, கடிதத்தில் என்ன போடுவது?

விற்பனை அண்ணன்: போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள்?

செயலாளர்: 200 பேர் என்று நோட்டீஸில் போட்டோம்.

பொருளாளர் அக்கா: கையெழுத்து நோட்டில் 138. எண்ணிப் பார்த்தவள் நான்.

விற்பனை அண்ணன்: 138 என்றே போடுங்கள். உருண்டையான எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் கம்பெனிக்காரர்கள் 200 பேர் என்று நம்பி, வருகிறவர்களுக்குக் கொடுக்க 200 பை கொண்டுவந்து, 62 பையைத் திருப்பித் தூக்கிப் போனால் அடுத்த வருடம் கதவு மூடிவிடும். அப்புறம், பதில் தர ஒரு தேதி குறியுங்கள். கையேடு என்றைக்கு அச்சுக்குப் போகிறது?

செயலாளர்: அடுத்த மாதம் 10.

விற்பனை அண்ணன்: அப்படியானால் 5-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும், ஏன் என்ற காரணமும் கடிதத்திலேயே இருக்கட்டும். இருங்கள், எழுதிப் போடுகிறேன்.

விற்பனை அண்ணன்: “அன்புடையீர், அடுத்த மாதம் 28-ஆம் தேதி எங்கள் சங்கம் நடத்தும் மின்பாதுகாப்புப் பயிற்சி நாளுக்கு உங்கள் நிறுவனம் முதன்மை ஸ்பான்சராக இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறோம். கோரும் தொகை ______. இது அரங்க வாடகைக்கும் பயிற்சிக் கையேட்டின் அச்சுக்கும் ஆகும்.

வருகிறவர்கள் வீடுகளிலும் கடைகளிலும் ஒயரிங் செய்யும் மின்பணியாளர்கள். சென்ற ஆண்டு 138 பேர் கையெழுத்திட்டுக் கலந்துகொண்டார்கள்.

உங்களுக்கு வாயிலருகே ஒரு மேசையும், காலை அமர்வில் செயல்விளக்கத்துக்கு 20 நிமிடமும், கையேட்டின் பின்னட்டையும் தருகிறோம். வேறு ஒயர் நிறுவனம் எதையும் ஸ்பான்சராகச் சேர்க்க மாட்டோம்.

முழுத் தொகை இயலாவிட்டால் கையேட்டுச் செலவை மட்டும் (______) ஏற்கலாம். அப்போது பின்னட்டை மட்டும் உங்களுடையது. கையேடு 10-ஆம் தேதி அச்சுக்குப் போவதால் 5-ஆம் தேதிக்குள் பதில் தெரிந்தால் நல்லது. அடுத்த வாரம் எங்கள் செயலாளர் தொலைபேசியில் பேசுவார்.”

பொருளாளர் அக்கா: ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. தொகை இரண்டையும் காலையில் நிரப்பித் தருகிறேன்.

செயலாளர்: 19 ஆண்டு வரலாறு எங்கே அண்ணா?

விற்பனை அண்ணன்: கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியில் போட்டுக்கொள்ளுங்கள். “ஐயா” என்று தொடங்காமல், அந்தப் பொறுப்பில் இருப்பவரின் பெயரை கம்பெனிக்கு போன் செய்து கேட்டுப் போடுங்கள்.

தம்பி: உறுப்பினர்கள் போன் நம்பர் லிஸ்ட் தருகிறோம் என்றும் சேர்த்தால் உடனே சரி என்பார்களே?

விற்பனை அண்ணன்: சொல்வார்கள், அவர்களே கேட்கவும் செய்வார்கள். ஆனால் நம்பரை நம்மிடம் கொடுத்தவர்கள் சங்கத்துக்குத்தான் கொடுத்தார்கள். மேசையில் ஒரு நோட்டு வைக்கட்டும், விருப்பமுள்ளவர் எழுதட்டும்.

பொருளாளர் அக்கா: எனக்கு அந்த நோட்டிலும் சம்மதம் இல்லை. வாசலில் வைத்தால் கையெழுத்து நோட்டு என்று நினைத்து எல்லோரும் எழுதிவிடுவார்கள்.

விற்பனை அண்ணன்: ம்ம். அதுவும் சரிதான். யோசிக்கலாம்.

பெரியவர்: பணத்துக்குப் பதில் ஒயர் சுருளாகத் தருகிறோம் என்றால்?

பொருளாளர் அக்கா: அரங்கக்காரர் ஒயர் சுருளை வாடகையாக வாங்க மாட்டார் ஐயா. செயல்விளக்கத்துக்கு வேண்டுமானால் தரட்டும், தொகையில் கழிக்கக் கூடாது.

தலைவர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செயலாளர்: என்ன தலைவரே?

தலைவர்: “வேறு ஒயர் நிறுவனம் எதையும்” என்ற வரி கட்டாயம் வேண்டுமா?

விற்பனை அண்ணன்: அதற்காகத்தான் அவர்கள் அந்தத் தொகையைத் தருவார்கள். ஏன்?

தலைவர்: சுவிட்ச் கம்பெனிக்காரரை நேற்றுப் பார்த்தேன். பேனர் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒயரும் விற்கிறார்கள்.

பொருளாளர் அக்கா: 🤦‍♀️

விற்பனை அண்ணன்: பேனரில் சுவிட்ச் மட்டும் இருக்கலாம், ஒயர் என்ற சொல்லே வரக் கூடாது. அதற்கு ஒப்புக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். அதுவரை இந்தக் கடிதம் போகக் கூடாது.

தலைவர்: காலையில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

செயலாளர்: சரி. நான் அந்த வரியை மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன்.