‘ஆக்‌ஷனு’க்குச் ‘செயல்’ போதுமா?

கல்லடி ஆசிரியை:
மாமாங்கத் தீர்த்தத்தன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். ஃபோட்டோஷொப்பில் ஒரு படத்தில் செய்ததைப் பதிந்து வைத்து, மற்றப் படங்களில் ஓட்டுகிறோமே, அந்த ஆக்‌ஷனைக் கைநூலில் ‘செயல்’ என்று எழுதலாமா? மொத்தமாக ஓட்டுவதற்குத் ‘தொகுதியோட்டம்’ என்று வைத்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று நானா:
‘செயல்’ போதாது டீச்சர். ஆக்‌ஷனுக்கு உங்கள் நோக்கம் தெரியாது, நீங்கள் கொடுத்த எண்தான் தெரியும். கிடையாக எடுத்த படத்தில் அகலம் 2048 என்று பதிந்தால் உயரம் 1365 அளவில் வரும். அதையே நிமிர்த்தி எடுத்த படத்தில் ஓட்டினால் அகலம்தான் 2048 ஆகும், உயரம் 3072க்குப் போய்விடும். அல்பத்தில் நிமிர்ந்த படங்கள் மட்டும் பெருத்து நின்றால் காரணம் இதுதான். `Image Size` வேண்டாம். `File > Automate > Fit Image` பதிந்து இரண்டு பெட்டியிலும் 2048 கொடுங்கள், நீளமான பக்கம் எதுவோ அது 2048 ஆகும். பதிந்ததைத் திருப்பிச் செய்வதால் ‘செய்பதிவு’ என்பது என் விருப்பம்.

களுவாஞ்சிகுடித் தம்பி:
ஸ்கிரிப்டுக்கும் அதே சொல் போதுமே, இரண்டும் ஒன்றுதானே. நான் இமேஜ்மேஜிக்கில் ஒரே வரியில் முடிக்கிறேன்:

```
mogrify -resize 2048x2048 *.jpg
```

கல்முனை ஸ்ரூடியோ:
கலியாணப் படங்களுக்கு ஒரே ஸ்டைல் ஓட்டினேன். வெளியில் எடுத்தவை நல்லா வந்தன, மண்டபத்துக்குள் எடுத்த முகமெல்லாம் மஞ்சள். நல்ல ஆக்‌ஷன் யாரிடமாவது இருக்கா?

அக்கரைப்பற்று நானா:
தம்பி, அந்த வரி மூலப்படங்களின் மேலேயே எழுதிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. இப்படி ஓட்டுங்கள்:

```
mkdir out
mogrify -path out -auto-orient -resize "2048x2048>" *.jpg
```

`>` இருந்தால் ஏற்கெனவே சிறிதாக உள்ள படம் பெருக்காது. மேற்கோள்குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் கட்டளைச் சாளரம் அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். பாருங்கள், ‘பெரிதாக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையை இதில் எழுதிவிட்டோம். இது பதிவு இல்லை, எழுத்து. ‘கட்டளைத்தொடர்’ என்று பிரித்துச் சொல்வதுதான் சரி.

கல்முனைக்காரருக்கு: வேறு ஆக்‌ஷன் தேடிப் பயனில்லை. வெளியில் எடுத்த படத்தைப் பார்த்துப் பதிந்த நிற வெப்பநிலை, மண்டப பல்பு வெளிச்சத்துக்குப் பொருந்தாது. வெளிச்சத்தைப் பார்த்துப் படங்களை முதலில் தனித்தனி ஃபோல்டரில் போடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தைச் சரிசெய்து அதற்கென்று தனியாகப் பதியுங்கள்.

களுவாஞ்சிகுடித் தம்பி:
மூலப்படம் அழியும் என்பது சரி நானா, வரியை மாற்றிவிட்டேன். ஆனால் ஆக்‌ஷனிலும் `Insert Conditional` இருக்கிறதே. படம் கிடையா நிமிர்வா என்று பார்த்து, அதற்கேற்ற ஆக்‌ஷனை அதுவே ஓட்டும். நிபந்தனையை வைத்துப் பிரித்தால் இதை எந்தப் பக்கம் போடுவீர்கள்?

கல்லடி ஆசிரியை:
நியாயமான கேள்வி தம்பி. ஆக்‌ஷனுக்குச் ‘செய்பதிவு’ என்றே கைநூலில் போடுகிறேன், பதிந்துதானே தொடங்குகிறோம். ‘தொகுதியோட்டம்’ என்றால் பிள்ளைகளுக்குத் தேர்தல் தொகுதிதான் ஞாபகம் வருகிறதாம். ‘கூட்டோட்டம்’ எப்படி?