நடு பெடலை மிதித்தால் உங்கள் பியானோவில் என்ன நடக்கிறது?

தரங்கை பாடகர்குழு:
எங்கள் சர்ச்சில் பழைய அப்ரைட், மூன்று பெடல். கிறிஸ்மஸுக்குப் பழகும் ஒரு பாட்டில் இடது கையில் ஆழமான ஒரு 'சி' நாலு பார் நிற்கணும், அதற்கு மேலே வலது கையில் கார்ட் மாறிக்கொண்டே போகும். வலது பெடலைப் பிடித்தபடியே இருந்தால் எல்லா கார்டும் ஒன்றோடொன்று கலந்து கலங்கிப்போகிறது, விட்டால் அடி ஸ்வரம் அறுந்துவிடுகிறது. இதற்குத்தான் நடு பெடல் என்று வீடியோவில் பார்த்து மிதித்தேன், மொத்தப் பியானோவும் அமுங்கிப்போனது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

குடந்தை கீஸ்:
நடு பெடல்தான் சாஸ்டெனூட்டோ, மிதிக்கும்போது அடித்த ஸ்வரம் மட்டும் நிற்கும். உங்களுடையது ரிப்பேர், ஐப்பசி மழையில் மரம் ஊறியிருக்கும்.

திருச்சி டியூனர்:
ரிப்பேர் இல்லை தம்பி. நான் சரிபார்த்த அப்ரைட்களில் பாதிக்கு மேல் நடு பெடல் வெறும் ப்ராக்டிஸ் பெடல்தான். மேல் மூடியைத் திறந்துவிட்டு மிதித்துப் பாருங்கள், சுத்திக்கும் கம்பிக்கும் நடுவே நீளமாக ஒரு ஃபெல்ட் துணி இறங்கும். ராத்திரி அக்கம்பக்கத்தைத் தொந்தரவு பண்ணாமல் பழக அதை வைத்தார்கள். பெடலை மிதித்துப் பக்கவாட்டில் தள்ளினால் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.

கீஸ் சொல்வது பெரும்பாலும் கிராண்டுக்குப் பொருந்தும், ஆனால் வரிசை முக்கியம். அடி ஸ்வரத்தை அடித்து, விரலை எடுக்காமல் இடது காலால் நடு பெடலை மிதித்து, அப்புறம்தான் விரலை எடுக்கணும். கம்பியை அடக்கும் டேம்பர்களில் தூக்கியபடி இருப்பது எதுவோ அதை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வலது பெடல் கீழே இருந்தால் எல்லா டேம்பரும் தூக்கித்தானே இருக்கும்? அத்தனையும் மாட்டிக்கொள்ளும். கிராண்ட் வைத்திருப்பவர்களே 'நடு பெடல் வேலை செய்யலை' என்று கூப்பிடுவது பல நேரம் இதனால்தான்.

மாயவரம் அம்மா:
என் பையன் கீபோர்டில் பெடல் தலைகீழாக வேலை செய்கிறது, மிதித்தால் சத்தம் அறுந்துவிடுகிறது, விட்டால் இழுக்கிறது. அதுவும் இந்த ஃபெல்ட்தானா?

திருச்சி டியூனர்:
இல்லம்மா, கீபோர்டில் ஃபெல்ட் எங்கே இருக்கு? பெடலை மிதிக்காமல் ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்கள். நிறைய மாடல்கள் ஆன் ஆகும்போது பெடல் இருக்கும் நிலையைத்தான் 'விட்ட நிலை' என்று எடுத்துக்கொள்ளும். அப்படியும் சரியாகலைன்னா பெடலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

தரங்கை பாடகர்குழு:
மூடியைத் திறந்தேன் அண்ணா, துணிதான்! அப்போ என் நாலு பாருக்கு வழியே இல்லையா?

திருச்சி டியூனர்:
வலது பெடலிலேயே வழி இருக்கு. 'சி'யை அடித்து பெடலை முழுசாக மிதியுங்கள். கார்ட் மாறும் இடத்தில் புது கார்டை அடிக்கும்போதே காலைக் கொஞ்சம் மட்டும் மேலே விட்டு, உடனே திரும்ப மிதியுங்கள். டேம்பர் கம்பியை லேசாகத் தொட்டுவிட்டு எழும். மேல் பக்கத்து மெல்லிய கம்பிகளுக்கு அந்தத் தொடலே போதும், அடங்கிவிடும். செம்பு சுற்றிய தடித்த பேஸ் கம்பி அவ்வளவு சீக்கிரம் அடங்காது, ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விடணும் என்பது ஒவ்வொரு பியானோவிலும் வேறு. முதலில் பாட்டை விட்டுவிட்டு 'சி'யும் ஒரு கார்டும் மட்டும் வைத்துத் தேடுங்கள். பழைய கார்ட் இன்னும் கேட்டால் கால் போதுமான அளவு எழவில்லை, 'சி'யும் செத்துவிட்டால் அதிகமாக எழுந்துவிட்டது.

குடந்தை கீஸ்:
சரி, அப்ரைட் பற்றித் தெரிந்துகொண்டேன். நான் பாடகர்களுக்கு வாசிக்கும்போது இடது பெடலை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மிதித்தே வைத்திருப்பேன், சத்தம் அளவாக இருக்கும்.

திருச்சி டியூனர்:
அது எனக்குப் பிடிக்காத பழக்கம். அப்ரைட்டில் அந்தப் பெடல் சுத்திகளைக் கம்பிக்குக் கிட்டே கொண்டுவந்து வீச்சைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கட்டையும் மேலே கொஞ்சம் லொடலொடவென்று ஆகிவிடும், மெல்ல வாசிக்கும்போது விரலுக்குப் பிடி கிடைக்காது. கிராண்டில் கதையே வேறு. கட்டைகள் மொத்தமும் பக்கவாட்டில் நகர்ந்து, மூன்று கம்பி இருக்கும் இடத்தில் சுத்தி இரண்டில் மட்டும் விழும், அடிபட்டு இறுகாத ஃபெல்ட் பகுதியில் விழும், அதனால் சத்தத்தோடு நாதமே மாறும். அந்த நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் மிதிக்கலாம். சத்தம் குறைய விரல் இருக்கிறதே.

குடந்தை கீஸ்:
சின்னப் பிள்ளைகள் பாடும்போது விரல் மட்டும் போதாது சார். நான் மிதிக்கத்தான் போகிறேன்.

தரங்கை பாடகர்குழு:
'சி' நிற்கிறது! ஆனால் இரண்டாம் சரணத்தில் நிற்க வேண்டிய ஸ்வரம் நடு சி-க்குப் பக்கத்து 'ஜி', செம்பு சுற்றாத கம்பி, ரெண்டாவது கார்டிலேயே அதுவும் சேர்ந்து அடங்கிவிடுகிறது.

திருச்சி டியூனர்:
அங்கே கால் உதவாது. இடது கைச் சுண்டுவிரலால் கட்டையை அமுக்கியே வைத்திருங்கள், வலது பெடலை முழுசாக மாற்றலாம். விரல் எட்டாவிட்டால் மூன்றாவது பாரில் மெதுவாகத் திரும்ப அடித்துவிடுங்கள்.