சங்கத்தில் சேராதவரை சங்க ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா? சேதராப்பட்டு, உதவி தேவை

பேக்கிங் லைன்:
வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 2022-லிருந்து நிரந்தரத் தொழிலாளி. மொத்தம் 118 பேர். 84 பேர் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் உட்பட 34 பேர் எந்தச் சங்கத்திலும் இல்லை. கம்பெனியில் இருப்பது ஒரே சங்கம்தான்.

2025 ஆகஸ்டில் நிர்வாகமும் சங்கமும் ஊதிய ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று வருடத்தில் 4,200 ரூபாய் உயர்வு: முதல் வருடம் 2,000, அடுத்து 1,200, கடைசியில் 1,000. ஏப்ரலிலிருந்து கணக்கு. அதனால் ஐந்து மாத அரியர்ஸ் 10,000 வர வேண்டும். பதிலுக்கு ஷிப்டுக்கு 420 பெட்டி என்பது 480 ஆகிறது.

எங்கள் 34 பேருக்கும் ஹெச்.ஆர். ஒரு அச்சடித்த கடிதம் கொடுத்தார். ‘ஒப்பந்தத்தின் எல்லா ஷரத்துகளையும் ஏற்கிறேன், அரியர்ஸில் 10 சதவீதம் சங்க நிதிக்குப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்று இருக்கிறது. கையெழுத்து போட்டால்தான் உயர்வு என்கிறார்கள். பாதிப் பேர் உடனே போட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு இத்தனை மாதமாகியும் பழைய சம்பளம்தான், இப்போது 480 பெட்டி மட்டும் கேட்கிறார்கள். 480 எடுத்தால் சாப்பாட்டு நேரமே மிஞ்சாது. எனக்குத் தோள்பட்டை வலி வேறு.

நான் உறுப்பினரே இல்லை. இந்த ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்துமா?

வில்லியனூர்க்காரன்:
கட்டுப்படுத்தாது தம்பி. கையெழுத்து போட்டவனுக்குத்தான் ஒப்பந்தம். நீங்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை, உங்களுக்காகப் பேசச் சொல்லி எழுதிக் கொடுக்கவும் இல்லை. 420 போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

மேட்டுப்பாளையம் செயலாளர்:
நான் வேறொரு கம்பெனியில் சங்கச் செயலாளர். எனக்கு இதில் வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதம் கேட் கூட்டம் போட்டு, சம்பளத்தை இழந்து, மெமோ வாங்கி ஒப்பந்தம் கொண்டு வருவது உறுப்பினர்கள். உயர்வு வரும்போது மட்டும் எல்லோரும் வரிசையில் நிற்பீர்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். லேபர் ஆபீஸ் சீல் இருக்கிறதா பாருங்கள். சீல் இருந்தால் மொத்தக் கம்பெனிக்கும் பொருந்தும். உறுப்பினரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

பேக்கிங் லைன்:
உங்கள் கோபம் புரிகிறது அண்ணே. நான் சேராததற்குக் காரணம் வேறு, அதை இங்கே சொல்ல வேண்டாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய நகலில் லேபர் ஆபீஸ் சீல் இருக்கிறது. அப்படியென்றால் முடிந்ததா?

கடலூர் வழக்கறிஞர்:
முடியவில்லை. மேலே இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி, பாதி தவறு. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

தொழிலாளிகள் ‘ட்வெல்வ் த்ரீ’, ‘எய்ட்டீன் ஒன்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவுகள் அவை. தகராறு சமரச அதிகாரியிடம் போய், அவர் முன்னால் பேசி, அவர் உதவியோடும் சம்மதத்தோடும் முடிவது 12(3). அப்படி முடிந்தால் 18(3) பிரிவின்படி, தகராறு எழுந்த நாளில் அந்த நிறுவனத்தில் இருந்த எல்லாத் தொழிலாளியையும், பிறகு வேலைக்குச் சேர்கிறவரையும் அது கட்டுப்படுத்தும். உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், எதிர்ச் சங்கத்துக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். கோவை லோட்டஸ் மில் வழக்கு 1998 தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. லே-ஆஃப் இழப்பீடு பற்றிய 12(3) ஒப்பந்தத்தில் ஒரு சிறுபான்மைச் சங்கம் கையெழுத்திடவில்லை. அந்தச் சங்கத்துத் தொழிலாளிகளும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வில்லியனூர்க்காரர் சொன்ன ‘கையெழுத்து போட்டவனுக்குத்தான்’ என்பது இங்கே நிற்காது.

நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிக் கையெழுத்திட்டு, நகலை லேபர் ஆபீசுக்கு அனுப்பினால் அது 18(1). அது ஒப்பந்தத்தின் தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். இங்கேதான் சீல் பிரச்சினை வருகிறது. நகலை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகவும் சீல் குத்துவார்கள். அந்தச் சீல் 18(1)-ஐ 12(3) ஆக்காது. 1975 தொகுப்புகளில் உள்ள ஜக்ராகான் நிலக்கரிச் சுரங்க வழக்கில் இதுதான் கேள்வி. சமரச அதிகாரியின் உதவியும் சம்மதமும் இருந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு வாருங்கள். முதல் பக்கத்தில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது? கடைசியில் ‘என் முன்னிலையில்’ என்று சமரச அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறாரா, அல்லது தேதியோடு ‘பெறப்பட்டது’ மட்டுமா? நடுவில் சமரசப் பேச்சுவார்த்தை நடந்த தேதிகள் வருகிறதா?

நெய்வேலி ரோடு:
மேடம், நான் ஒரு கான்ட்ராக்டரிடம் 11 வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் கம்பெனியிலும் 12(3) போட்டிருக்கிறார்கள். எல்லாத் தொழிலாளிக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த உயர்வு எனக்கும் வர வேண்டும்தானே?

கடலூர் வழக்கறிஞர்:
அண்ணா, உங்களுக்குச் சம்பளம் தருவது கான்ட்ராக்டர். அதனால் நேரடித் தொழிலாளிகளுக்கான ஒப்பந்தம் தானாக உங்களுக்கு வராது. ஒப்பந்தத்திலேயே கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கென்று ஷரத்து இருந்தால் வேறு. உங்களுடையது தனிப் பிரச்சினை. தனியாகக் கேளுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

பேக்கிங் லைன்:
பார்த்துவிட்டேன். போட்டோ எடுக்க விடவில்லை, கையால் எழுதிக்கொண்டேன். முதல் பக்கத்தில் ‘பிரிவு 18(1)-இன் கீழ்’ என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் நிர்வாகத் தரப்பில் இரண்டு கையெழுத்து, சங்கத் தரப்பில் ஐந்து. அதற்குக் கீழே ‘பெறப்பட்டது’ என்று சீல், தேதி, யாரோ ஒருவரின் சுருக்கொப்பம். பேச்சுவார்த்தை தேதிகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் கம்பெனி கான்பரன்ஸ் ஹாலில்.

இன்னொன்று. பழைய ஒப்பந்தத்தையும் ஒருவர் காட்டினார். 2021 ஏப்ரலிலிருந்து நான்கு வருடம். அதில் 12(3) என்று இருக்கிறது, சமரச அதிகாரி கையெழுத்தும் இருக்கிறது. 420 பெட்டி என்பது அதில்தான் வருகிறது. ஆனால் நான் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம்.

கடலூர் வழக்கறிஞர்:
நல்ல வேலை செய்தீர்கள். அந்தப் பழைய தாள்தான் உங்களுக்கு முக்கியம்.

புதியது 18(1). நீங்கள் உறுப்பினர் இல்லை, கையெழுத்தும் போடவில்லை. ஆகவே அது உங்களைக் கட்டுப்படுத்தாது. பழையது 12(3). பிறகு சேர்கிறவரையும் கட்டுப்படுத்தும் என்று சொன்னேன் அல்லவா? அது 2022-ல் சேர்ந்த உங்களையும் சேர்த்துக்கொண்டது. நான்கு வருடம் முடிந்துவிட்டதே என்பார்கள். காலம் முடிந்தாலும், ஒரு தரப்பு எழுத்து மூலம் முடிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகும்வரை ஒப்பந்தம் தொடரும். 19(2) பிரிவு அதைச் சொல்கிறது. நோட்டீஸ் கொடுத்த பிறகும், வேறு ஒப்பந்தமோ தீர்ப்போ அந்த இடத்துக்கு வரும்வரை பழைய பணி நிபந்தனைகள் நிற்கும். ஆயுள் காப்பீட்டுக் கழக போனஸ் வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. உங்களைக் கட்டுப்படுத்தும் புது ஒப்பந்தம் இன்னும் வரவில்லை. அதனால் உங்கள் அளவு 420 என்று வாதிட உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது.

ஆனால் இதே வாதம் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். உங்களைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தத்தைக் காட்டி 2,000 ரூபாயை உரிமையாகக் கேட்க முடியாது. உயர்வு வேண்டும், 480 வேண்டாம் என்று பிரித்தெடுக்கவும் முடியாது. ஒப்பந்தம் ஒரே மூட்டை. அந்தக் கடிதத்தில் கையெழுத்து போட்டால் மூட்டையோடு வாங்கியதாகத்தான் கொள்வார்கள். கடிதம் இல்லாமல் பணத்தை மட்டும் வாங்கி மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாலும், ஏற்றுக்கொண்டதாக வாதம் வரும்.

வில்லியனூர்க்காரன்:
சரி மேடம், 12(3) என்றால் நான் சொன்னது தவறுதான். ஆனால் இப்போது பழைய சட்டமே இல்லையே? 2025 நவம்பர் 21-லிருந்து புதுச் சட்டத்தொகுப்பு. 51 சதவீதம் இருந்தால் பேசும் சங்கம் அதுதான் என்கிறார்கள். இவர்கள் கம்பெனியில் 84 பேர், 71 சதவீதம் வருகிறது. அப்படியானால் எல்லோருக்கும்தானே?

கடலூர் வழக்கறிஞர்:
இவர்கள் ஒப்பந்தம் ஆகஸ்டில், அதற்கு முன்பே கையெழுத்தானது. அது போக, பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் யார் மேசையில் உட்காருவது என்பதைத்தான் அந்த 51 தீர்மானிக்கிறது. யாரைக் கட்டுப்படுத்தும் என்பதற்குத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் 57-ஆம் பிரிவிலும் பழைய வேறுபாடே தொடர்கிறது: சமரசத்துக்கு வெளியே போட்டால் தரப்புகளை மட்டும், சமரசத்தில் போட்டால் எல்லோரையும். அங்கீகரிக்கப்பட்ட சங்கம் எல்லாருடைய பிரதிநிதியாகவும் கையெழுத்திடுகிறது, ஆகவே எல்லோரும் தரப்புகளே என்று நிர்வாகங்கள் இனி வாதாடும். அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேட்டுப்பாளையம் செயலாளர்:
சீல் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஏற்கிறேன். எங்களுடையதையும் எடுத்துப் பார்த்தேன். அதில் அதிகாரி கையெழுத்து முறையாக இருக்கிறது. ஆனால் அந்த 10 சதவீதம் நியாயம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வக்கீல், பயணம், லேபர் ஆபீஸ் அலைச்சல், எல்லாம் உறுப்பினர் காசு.

கடலூர் வழக்கறிஞர்:
நியாயமா என்பது உங்களுக்குள் பேச வேண்டியது தோழர். கேட்பதில் தவறில்லை. சம்பளத்திலிருந்து பிடிப்பதற்குத்தான் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். ஊதியம் வழங்கல் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. உயர்வு வேண்டுமானால் சங்க நிதிக்கும் சம்மதி என்று ஒரே தாளில் கட்டிவைத்தால், அந்தச் சம்மதம் மனமொப்பிக் கொடுத்ததா என்ற கேள்வி எழும். இரண்டையும் தனித்தனித் தாளாகக் கேட்கச் சொல்லுங்கள்.

பேக்கிங் லைன், இன்னொரு வழியும் இருக்கிறது. கையெழுத்து போடாதவர்கள் சேர்ந்து உங்கள் கோரிக்கையை எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்து, நகலோடு சமரச அதிகாரியிடம் போகலாம். அங்கே நிர்வாகம் எல்லோருக்குமாக 12(3) மாதிரி ஒன்று போட முன்வரலாம். அப்படி வந்தால் 480-க்கும் நீங்கள் எல்லோரும் கட்டுப்பட வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பேக்கிங் லைன்:
ரொம்ப நன்றி மேடம். 34 பேரில் 19 பேர் கையெழுத்து போட்டுவிட்டார்கள். மீதி 15 பேரும் நேற்று ஷிப்ட் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆறு பேருக்கு வீட்டுக் கடன், போட்டுவிடலாம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது பேர் சேர்ந்து கோரிக்கை எழுதியிருக்கிறோம்: உயர்வு 2,000, பெட்டி 450, தோள்பட்டை வலி உள்ளவர்களுக்கு லைன் மாற்றம். சங்கச் செயலாளரிடமும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, 450 என்றால் அவர்கள் ஆட்களும் அதையே கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை லேபர் ஆபீஸ் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: ஏற்கெனவே கையெழுத்து போட்ட 19 பேர் இந்தக் கோரிக்கையில் சேர முடியுமா?

கடலூர் வழக்கறிஞர்:
அந்தக் கடிதத்தின் வாசகம் அப்படியே தெரியாமல் சொல்ல மாட்டேன். ஒரு வெற்றுப் பிரதி கிடைத்தால் வரி விடாமல் இங்கே எழுதுங்கள்.