வில்லுப்பாட்டு வீடியோவுக்கு -14 லஃப்ஸ் வைக்கலாமா? குடத்தின் அடி அமுங்கிப் போகிறது

வள்ளியூர்_எடிட்டர்

எங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு, எடிட்டிங் முடிந்து யூடியூபில் ஏற்ற வேண்டும். அளந்து பார்த்தால் மொத்தம் -21.3 லஃப்ஸ், ட்ரூ பீக் -0.4. லவுட்நார்மில் -14, ட்ரூ பீக் -1 என்று கொடுத்து இரண்டு பாஸும் ஓட்டினேன். எண்கள் சரியாக வருகின்றன, ஆனால் புலவர் கதை சொல்லி நிறுத்தும் இடத்தில் கூட்டத்தின் இரைச்சல் மேலே எழும்புகிறது, குடம் அடித்ததும் குரல் உள்ளே போய்விடுகிறது. எந்த அளவு வைக்க வேண்டும்? இதே வீடியோவை ஒரு ஓடிடி ஆட்களும் கேட்டிருக்கிறார்கள்.

தச்சநல்லூர்_மிக்ஸ்

-14தான் தம்பி, அதில் சந்தேகமே வேண்டாம். யூடியூப் எல்லாவற்றையும் -14க்குக் கொண்டுவந்துவிடும். கூட்டி வைத்தால் குறைக்கும், குறைத்து வைத்தால் கூட்டும்.

நகைக்கடை_விளம்பரம்

எனக்கும் இதே பிரச்சினைதான். -8 லஃப்ஸில் ஏற்றிய விளம்பரம், பக்கத்தில் ஓடும் மற்ற வீடியோவைவிடச் சத்தமாகவே இல்லை. லிமிட்டரை இன்னும் அழுத்தலாமா?

அம்பை_ஒலி

தச்சநல்லூர் அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. -14ஐத் தாண்டினால் யூடியூப் குறைக்கும், ஆனால் குறைவாக இருப்பதைத் தூக்கிவிடாது. வீடியோவில் வலது கிளிக் செய்து `Stats for nerds` திறந்து `content loudness` பாருங்கள். நகைக்கடைக்காரருக்கு அங்கே 6 டெசிபெல் அளவில் கூட்டல் எண் நிற்கும், அவ்வளவையும் அது குறைத்துவிட்டது. அழுத்தினால் அடியின் உயிர் போவதுதான் மிச்சம். உங்கள் கதை வள்ளியூர் கதைக்கு நேர் எதிர்.

வள்ளியூர் தம்பி, உங்கள் கணக்கைப் பாருங்கள். -21.3இலிருந்து -14க்குப் போக 7.3 டெசிபெல் கூட்ட வேண்டும். பீக் ஏற்கெனவே -0.4, அதோடு 7.3 சேர்ந்தால் +6.9. நீங்கள் கொடுத்த எல்லையோ -1. ஒரே சீராகத் தூக்க வழியில்லாததால் லவுட்நார்ம் சொல்லாமலே டைனமிக் முறைக்கு மாறி, நொடிக்கு நொடி சத்தத்தை ஏற்றி இறக்குகிறது. நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான். இரண்டாவது பாஸ் முடிவில் `Normalization Type` என்ற வரியில் `Dynamic` என்று இருக்கிறதா? முதல் பாஸில் எப்போதும் அப்படித்தான் காட்டும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வள்ளியூர்_எடிட்டர்

ஆமாம் அக்கா, `Dynamic`தான். குடத்துக்குத் தனி மைக், புலவருக்குத் தனி மைக், உடுக்கையும் ஜால்ராவும் ஒரே மைக்கில். தனித்தனி ட்ராக்காகவே இருக்கிறது.

அம்பை_ஒலி

தனி ட்ராக் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மொத்தத்தின் மேல் லிமிட்டர் போடாதீர்கள், பீக் வருவது குடத்திலிருந்து, அதை அங்கேயே பிடியுங்கள். குடம் ட்ராக்கில் மட்டும் லிமிட்டர், உச்சி 5 டெசிபெல் குறையும் அளவுக்கு. அடியின் உடம்பு அப்படியே இருக்கும், முதல் முனை மட்டும் மழுங்கும். புலவர் குரல் தாழும் வரிகளைக் கையால் 2 டெசிபெல் வரை தூக்குங்கள், பின்பாட்டுக்காரர் “ஆமா” போடும் இடத்தைத் தொட வேண்டாம். அப்புறம் மறுபடி அளந்து பாருங்கள்:

```
ffmpeg -i kodai.mov -af ebur128=peak=true -f null -
```

பீக் -5, மொத்தம் -20.5 பக்கம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அங்கிருந்து சாதாரண `volume=3.5dB`. -17 லஃப்ஸ், பீக் -1.5. -14ஐத் துரத்த வேண்டாம். பக்கத்து வீடியோவைவிடக் கொஞ்சம் தாழ்வாகக் கேட்கும், கேட்பவர் வால்யூமைக் கூட்டிக்கொள்வார். பாட்டு கெட்டுப் போனால் யாராலும் திருப்ப முடியாது.

-1 போதாதா என்றால், யூடியூப் ஒலியை மறுபடி சுருக்கும்போது பீக் எகிறும். குடமும் வீசுகோல் மணியும் மாதிரிக் கூர்மையான சத்தத்தில் அது அதிகம், அதற்காகத்தான் அந்த அரை டெசிபெல். ஒலியை பிசிஎம்மாகவே வைத்து மூவ் கோப்பாக ஏற்றினால் ஒரு சுருக்கமாவது மிச்சமாகும்.

தச்சநல்லூர்_மிக்ஸ்

என் போனில் `Stable volume` போட்டால் தாழ்வான வீடியோவும் ஏறித்தானே கேட்கிறது?

அம்பை_ஒலி

அது கேட்பவர் பக்கத்து அமைப்பு அண்ணாச்சி, அவர் அணைத்து வைத்திருக்கலாம். அதை நம்பி மிக்ஸ் செய்ய முடியாது.

வள்ளியூர்_எடிட்டர்

செய்து பார்த்தேன். மொத்தம் -17.2, பீக் -1.6. இரைச்சல் எழும்பவில்லை, குடம் குடமாகக் கேட்கிறது. ஓடிடிக்கும் இதே கோப்பைக் கொடுக்கலாமா?

அம்பை_ஒலி

கூடாது. நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது -27, பீக் -2, அதுவும் வசனத்தை மட்டும் வைத்து அளப்பது. மற்றவர்கள் ஆளுக்கொரு அளவு கேட்பார்கள், அவர்களின் குறிப்பை வாங்குங்கள். அதை லிமிட்டர் போடாத மூலத்திலிருந்து தனியாக எடுங்கள், அங்கே குடத்துக்கு இடம் தாராளமாக இருக்கும். ஆனால் வில்லுப்பாட்டில் பாட்டும் வசனமும் ஒரே மூச்சில் கலந்து வருவதால், மீட்டர் எதை வசனமாக எடுக்கும் என்பது எனக்கும் கேள்விதான். கதை பேசும் பகுதியைத் தனியே வெட்டி அளந்து, முழுதின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகி நின்றால், எதை எடுப்பது என்று அவர்களிடமே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.