பூச்சுக்கு 60 மூட்டையா, 42 மூட்டையா? தக்கலை வீட்டு அனுபவம்

தக்கலை வீட்டுக்காரன்
செங்கல் கட்டு முடிந்து பூச்சு தொடங்கும் நேரம். உள்சுவர் 2400 சதுர அடி, வெளிச்சுவர் 1500. ஒப்பந்தக்காரர் 100 சதுர அடிக்கு ஒன்றரை மூட்டை என்று பொதுவாக வைத்து, 60 மூட்டை சிமெண்ட் இறக்கச் சொன்னார். எனக்கு அது ஒட்டவில்லை. உள்ளே 12 மி.மீ. கனம், ஒன்றுக்கு ஆறு கலவை. வெளியே 20 மி.மீ., ஒன்றுக்கு நாலு. இரண்டுக்கும் எப்படி ஒரே அளவு?

நான் போட்ட கணக்கு இது. உள்ளே 2400 சதுர அடியை 12 மி.மீ.யில் பூச ஏறக்குறைய 95 கன அடி ஈரச் சாந்து வேண்டும். செங்கல் இடுக்கு, மேடுபள்ளம், கீழே சிந்துவது எல்லாம் சேர்த்து 20 சதவீதம் கூட்டினால் 113. ஈரச் சாந்தை உலர்ந்த பொருளாக்க 1.3 ஆல் பெருக்கினால் 147. அதை ஏழு பங்காக்கினால் சிமெண்ட் 21 கன அடி, அதாவது 17 மூட்டை. மணல் 126 கன அடி. அதே முறையில் வெளியே 25 மூட்டையும் 123 கன அடி மணலும். மொத்தம் 42 மூட்டை, இரண்டரை யூனிட் மணல்.

நாகர்கோவில் அண்ணாச்சி
1000 அடி வீட்டுக்கு 400 மூட்டை போகும் தம்பி, 42 எல்லாம் எந்த மூலைக்கு?

தக்கலை வீட்டுக்காரன்
அண்ணாச்சி, அது அஸ்திவாரம், கான்கிரீட் எல்லாம் சேர்த்த கணக்கு. நான் கேட்பது பூச்சுக்கு மட்டும்.

மார்த்தாண்டம் கொத்தனார்
கணக்கு சரி. ஆனால் அந்த 20 சதவீதம் இடுக்குக்கும் சிந்தலுக்கும்தான் வரும், சாய்ந்த சுவருக்கு வராது. ஒன்பது அங்குலக் கட்டில் ஒரு முகம்தான் நூல் பிடித்தது போல் வரும். மறுமுகம் செங்கல் நீளத்துக்கு ஏற்ப முன்னே பின்னே நிற்கும். தூண் அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தால் சுவர் முழுக்க அந்த மட்டத்துக்குப் பூசவேண்டி வரும். சதவீதத்தை ஊகிக்காதீங்க. தூக்குக்குண்டு பிடித்து, சுவரின் மேலும் கீழும் நூல் கட்டி, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை நாலடிக்கு ஓரிடம் அளந்து சராசரி எடுங்க. அதுதான் உங்க பூச்சின் கனம்.

குலசேகரம் ஆசாரி மகன்
எங்கள் பழைய வீடு வெட்டுக்கல். 30 சதவீதம் கூட்டியும் பத்தவில்லை, கல்லில் உள்ள ஓட்டையெல்லாம் சாந்தைக் குடித்தது. அதனால் எல்லாருமே 30 வைப்பதுதான் நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால் சிமெண்டைக் கூட்டி ஒரே தடவையில் கனமாக அடித்துவிட வேண்டும்.

மார்த்தாண்டம் கொத்தனார்
வெட்டுக்கல்லுக்கு 30 ஒத்துக்கொள்கிறேன். செங்கலுக்கும் அதையே வைத்தால் கூடுதல்தான். ஆனால் இரண்டாவது சொன்னது வேண்டாம். கனமும் சிமெண்டும் கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும், இல்லை பொத்துக்கொள்ளும்; தட்டினால் டொக்டொக்கென்று வெறுஞ்சத்தம் கேட்கும். பள்ளத்தை முதலில் நிரப்பி, கரணையால் கீறிவிட்டு, மறுநாளோ பிறகோ அடுத்த கோட் போடணும். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் கோழி வலையும் அடிக்கணும்.

தக்கலை வீட்டுக்காரன்
நூல் கட்டிப் பார்த்தேன். கொத்தனார் சொன்னது போலவே, வெளிச்சுவரின் உள்முகம் ஏறக்குறைய 800 சதுர அடியில் சராசரி 20 மி.மீ. வந்தது, மற்ற இடத்தில் 12தான். கூடுதல் 8 மி.மீ.க்கு 21 கன அடி சாந்து, அதாவது மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் கூடுதல். மணல் 23 கன அடி. ஆக உள்ளே 20 மூட்டைக்கு மேல், மொத்தம் 45 போல. உள்வேலை 21 மூட்டையில் முடிந்தது. வெளியே இன்னும் தொடங்கவில்லை, மழை விடட்டும்.

குளச்சல்காரன்
மழையில் மணலும் ஏமாற்றும், இதை யாரும் சொல்லவில்லை. ஈர மணல் ஊதி நிற்கும். லாரியில் இரண்டரை யூனிட் என்று அளந்து தந்தாலும் உலர்ந்தால் குறையும். பெட்டியில் அளந்து கலக்கும்போதும் மணல் குறைந்து சிமெண்ட் கூடிப்போகும். நான் வெளிப்பூச்சுக்கு மணல் பத்தாமல் நடுவில் வேறு குவாரி பி-சாண்ட் இறக்கினேன், சுவரில் நிறம் இரண்டாகத் தெரிந்தது.

தக்கலை வீட்டுக்காரன்
அப்போ வெளியே எவ்வளவு கூட்டி வாங்கட்டும்?

குளச்சல்காரன்
கால் பங்கு.

மார்த்தாண்டம் கொத்தனார்
நனைந்த மணலுக்குத்தான் கால் பங்கு. காய்ந்ததற்கு அவ்வளவு வேண்டாம். இறக்கும்போது கையில் பிடித்துப் பார்த்து முடிவு பண்ணுங்க. சிமெண்டை மட்டும் மொத்தமாக இறக்காதீங்க, நம்ம ஊர் ஈரக்காற்றில் கட்டிதட்டிப்போகும். பாதி வாங்கி, அது முடியும் தறுவாயில் மீதி.

குலசேகரம் ஆசாரி மகன்
நான் இன்னும் 30தான் சொல்வேன்.