2 மீட்டர் ஸ்டீல் கம்பி: கணக்கில் 0.62 மி.மீ., அளந்தால் 3.60 மி.மீ. எங்கே தவறு?

ஷாலினி, சுங்கை சிப்புட்

வணக்கம். படிவம் 6 பிள்ளைகளுக்காக டியூஷன் கூடத்தில் ஒரு செய்முறை வைத்திருக்கிறேன். ஹார்ட்வேர் கடையில் சுருளாக வாங்கிய ஸ்டீல் கம்பி. மைக்ரோமீட்டரில் 0.50 மி.மீ. காட்டுகிறது. மேலே கூரையின் குறுக்குக் கட்டையில் இரண்டு இரும்புத் துண்டுக்கு நடுவே வைத்து போல்ட் முடுக்கியிருக்கிறேன். அங்கிருந்து வாளி மாட்டிய இடம் வரை 2.00 மீட்டர்.

எடைக்கல் கிடைக்கவில்லை. அதனால் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு கிலோ சீனிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வைக்கிறோம். தரையில் ஸ்டாண்டில் டயல் கேஜ் நிற்கிறது, அதன் முனை வாளியின் அடியைத் தொடுகிறது. வெறும் வாளியோடு கேஜைப் பூஜ்யத்தில் வைத்தோம். ஏற்றும்போது 1.45, 1.99, 2.53, 3.06, 3.60 மி.மீ. இறக்கும்போது 3.07, 2.54, 2.00, 1.47. வாளி காலியானதும் 0.70-இல் நின்றுவிட்டது, பூஜ்யத்துக்கு வரவில்லை.

யங் குணகம் 200 கிகாபாஸ்கல் என்று எடுத்துக் கணக்குப் போட்டால் 5 கிலோவுக்கு 0.62 மி.மீ. தான் வருகிறது. கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். கம்பி நிரந்தரமாக நீண்டுவிட்டதா?

முனியாண்டி (வெல்டிங்)

காலியானதும் 0.70 நிக்குதுன்னா அது போச்சும்மா. எலாஸ்டிக் லிமிட்டைத் தாண்டிடுச்சு. கட்டுமான வேலைக்கு விக்கிற கட்டுக்கம்பி பயங்கர மெது, சும்மா இழுத்தாலே நீளும். பியானோ கம்பி வாங்கி மாட்டுங்க. அதுக்கு யங் குணகம் ரொம்பக் கூட, நீட்சி குறைஞ்சிடும்.

லோகா

முனியாண்டி அண்ணன் சொன்னதில் பாதி சரி. கட்டுக்கம்பி மெதுவானதுதான், இந்தத் தகைவில் அது நிரந்தரமாக நீளவும் கூடும். ஆனால் இங்கே அது நடக்கவில்லை. கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. டீச்சர், நீங்கள் விட்டத்தை ஆரமாகப் போட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் மி.மீ., நியூட்டனில் வைத்தால் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆரம் 0.25, ஆக குறுக்குப் பரப்பு 0.1963 சதுர மி.மீ. சுமை 5 × 9.81 = 49.05 நியூட்டன். தகைவு 49.05 ÷ 0.1963, அதாவது சதுர மி.மீட்டருக்கு 250 நியூட்டன். யங் குணகத்தை இதே அலகில் எழுதினால் 200000. வகுத்தால் திரிபு 0.00125. 2000 மி.மீ. நீளத்தால் பெருக்கினால் 2.50 மி.மீ.

```
ΔL = F × L / (A × E)
   = 49.05 × 2000 / (0.1963 × 200000) = 2.50
```

ஆரத்துக்குப் பதில் விட்டம் போட்டால் பரப்பு நான்கு மடங்காகி நீட்சி கால்வாசியாகிவிடும். உங்கள் 0.62 அப்படி வந்ததுதான். பிள்ளைகள் தாளிலும் இதே 4 மடங்கு பிழை அடிக்கடி வரும். விடை சரியாகக் கால்பங்காகவோ நான்கு பங்காகவோ இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மிச்சம் 1.10 மி.மீ. உங்கள் அளவுகளை அடுத்தடுத்து கழித்துப் பாருங்கள். முதல் கிலோவுக்கு 1.45, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் 0.54 அல்லது 0.53. உலோகம் நீள்வது சீராக நீளும், முதல் பொட்டலத்துக்கு மட்டும் மூன்று மடங்கு நீளாது. ஆக முதல் கிலோவில் கூடுதலாக வந்த 0.9 மி.மீ. நீட்சியே அல்ல. சுருளிலிருந்து பிரித்த கம்பியில் இருந்த நெளிவு நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிரந்தர நீட்சி இல்லை என்பதற்குச் சாட்சியும் உங்களிடமே இருக்கிறது. ஏறும்போது 1 கிலோவில் 1.45, இறங்கும்போது அதே 1 கிலோவில் 1.47. 250-இல் கம்பி இளகியிருந்தால் இறங்கும் வழியில் 1 கிலோ அளவும் எகிறி நிற்கும். அது திரும்பி வந்திருக்கிறது. காலி வாளியில் நின்ற 0.70 என்பது நெளிவு முழுதாகத் திரும்பாததால். காலி வாளி அளவை எதற்கும் நம்பாதீர்கள்.

முனியாண்டி (வெல்டிங்)

1.47-ஐ நான் பாக்கல, சரிதான். ஆனா பியானோ கம்பி கம்மியா நீளும்கிறதை விட மாட்டேன். அதை விரல்ல வளைச்சுப் பாருங்க, தெறிச்சு நிக்கும். கட்டுக்கம்பி வளைச்ச இடத்துலயே கிடக்கும்.

லோகா

அண்ணே, அந்த விரல் சோதனை நல்ல சோதனை. எந்தக் கம்பி என்று தெரியாமல் வாங்கினால் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அது காட்டுவது வேறு. தெறித்து நிற்பதற்குக் காரணம், இளகத் தொடங்கும் தகைவு மிக உயரத்தில் இருப்பது. யங் குணகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே தடிமனில் கட்டுக்கம்பியையும் பியானோ கம்பியையும் பக்கத்தில் தொங்கவிட்டு 1 கிலோ ஏற்றினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீளும். சுமையைக் கூட்டிக்கொண்டே போனால்தான் ஒன்று திரும்பாது, மற்றது திரும்பும்.

காந்திமதி

இதே ஃபார்முலாவை வைச்சு என் வீட்டுத் துணிக்கொடி எவ்வளவு தொங்கும்னு பாக்கலாமா? தோட்டத்து லயத்துக்குப் பின்னால ரெண்டு தூணுக்கு நடுவுல 6 மீட்டர் கம்பி. நடுவுல ஈரத் துண்டு ஒரு 5 கிலோ தொங்கும். தொங்குதேன்னு முடுக்கி முடுக்கி வைச்சேன், இப்ப ஒரு பக்கக் கொக்கி பிடுங்கிக்கிச்சு.

லோகா

அக்கா, அது வேறு கதை. டீச்சர் கம்பி நேர் கீழே தொங்குகிறது, கம்பியில் உள்ள இழுவையும் சுமையும் ஒன்றே. உங்கள் கொடி கிடைமட்டம். நடுவில் 10 செ.மீ. தொங்குகிறது என்று வையுங்கள். அந்தச் சின்னச் சரிவை வைத்துக்கொண்டு 5 கிலோவைத் தூக்க வேண்டுமென்றால் கம்பி ஒவ்வொரு பக்கமும் சுமார் 736 நியூட்டன் இழுக்க வேண்டும், 75 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. தொங்கல் 5 செ.மீ. ஆனால் அது இரட்டிப்பாகும். முடுக்க முடுக்கக் கொக்கிக்குத்தான் கேடு. கொஞ்சம் தொய்வாக விடுங்கள்.

காந்திமதி

அடப்பாவமே, நானே பிடுங்கியிருக்கேன்.

தினேஷ்

டீச்சர், இரண்டு சின்ன விஷயம். மைக்ரோமீட்டரை வெறுமையாக மூடினால் பூஜ்யம் காட்டுகிறதா? இவ்வளவு மெல்லிய கம்பியில் 0.01 மி.மீ. தவறினாலே பரப்பு 4 சதவீதம் மாறும். இன்னொன்று, தகரக் கூரை என்றால் காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இழுக்காதீர்கள். 5 டிகிரி ஏறினால் 2 மீட்டர் ஸ்டீல் கம்பி தானாகவே 0.12 மி.மீ. நீளும். உங்கள் ஒரு கிலோப் படியில் அது நாலில் ஒரு பங்கு.

ஷாலினி, சுங்கை சிப்புட்

விட்டம், ஆரம் தவறு எனதே. வெட்கமாக இருக்கிறது. முதல் கிலோவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 4 கிலோவுக்கு 2.15 மி.மீ., கிலோவுக்கு 0.5375. அதை வைத்து யங் குணகம் கண்டுபிடித்தால் 186 கிகாபாஸ்கல் வருகிறது. இன்னும் குறைவு.

மைக்ரோமீட்டரை மூடினால் 0.01 காட்டுகிறது! ஆக கம்பி 0.49. அப்படிப் போட்டால் 194.

லோகா

குணகம் குறைந்து வருகிறது என்றால் கேஜ் கம்பி நீட்சியை மட்டும் அளக்கவில்லை, வேறு ஏதோ கூடச் சேர்கிறது என்று அர்த்தம். எனக்குச் சந்தேகம் உங்கள் வாளி மேல். கேஜ் முனை பிளாஸ்டிக் அடியைத் தொடுகிறது. சீனியை வைக்க வைக்க அடி கீழே பிதுங்கும், கைப்பிடியும் கொஞ்சம் நிமிரும். இரண்டும் சுமைக்கு ஏற்ப சீராகக் கூடுவதால் நேர்கோடாகவே தெரியும், கண்டுபிடிக்க முடியாது.

கம்பி வாளியோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே கம்பியைப் பிடித்த மாதிரி ஒரு சின்னத் தட்டை இரண்டு திருகாணியால் முடுக்கி, கேஜ் முனையை அதன் அடியில் வையுங்கள். நீளத்தையும் மேல் பிடியிலிருந்து அந்தத் தட்டு வரை மறுபடி அளந்து போடுங்கள். 2 கிலோவை எப்போதும் வாளியிலேயே விட்டுவிட்டு, அங்கே கேஜைப் பூஜ்யமாக்கி, மேற்கொண்டு நான்கு பொட்டலம் ஏற்றி இறக்குங்கள்.

ஷாலினி, சுங்கை சிப்புட்

செய்தாயிற்று. காலை 8 மணிக்கே, இருபது நிமிடத்தில். தட்டை வைக்கும்போது மேல் பிடியைத் தளர்த்திக் கம்பியைக் கொஞ்சம் இறக்கி, தட்டு வரை மறுபடி 2.00 மீட்டர் வருமாறு வைத்தேன். 2 கிலோவை விட்டுவிட்டு 0.51, 1.03, 1.54, 2.06. இறக்கும்போதும் எல்லாம் 0.01-க்குள் திரும்பின. கிலோவுக்கு 0.515. விட்டம் 0.49 போட்டால் 202 கிகாபாஸ்கல்!

லோகா

வாளிதான் குற்றவாளி, சரி. ஆனால் 202 வந்ததே என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். விட்டம் 0.01 இப்படி அப்படி இருந்தால் 194 முதல் 210 வரை எதுவும் வரலாம். கம்பியை ஐந்தாறு இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குறுக்குத் திசையில் அளந்து சராசரி எடுங்கள். மேலும் கூரைக் கட்டை 6 கிலோவுக்கு எவ்வளவு தாழ்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அது தாழ்ந்தால் உண்மை குணகம் 202-க்கும் மேலே போகும்.

முனியாண்டி (வெல்டிங்)

கட்டை தாழறதைப் பாக்க ஈஸி வழி இருக்கு. அதே கட்டையில அதே போல்ட்டுப் பக்கத்துல இன்னொரு கம்பி, அடியில 1 கிலோ மட்டும் நிரந்தரமா. கேஜைத் தரையில வைக்காம அந்த ரெண்டாவது கம்பியில கட்டிடுங்க. கட்டை இறங்கினா ரெண்டும் சேர்ந்து இறங்கும், கேஜ் அசையாது. வெயிலுக்கு நீண்டாலும் ரெண்டும் ஒண்ணா நீளும்.

லோகா

அதேதான் அண்ணே. லேபில் சியர்ல் கருவி என்று வைத்திருப்பதும் இந்த இரட்டைக் கம்பி யோசனைதான். இரண்டாவது கம்பியும் அதே சுருளிலிருந்து வெட்டினதாக இருக்கட்டும். கேஜின் கனத்தால் அந்தக் கம்பி சாய்ந்தால் கூடுதலாக ஒரு கிலோ போட்டு இழுத்து நிறுத்துங்கள், பிறகு அதைத் தொடக்கூடாது.

ஷாலினி, சுங்கை சிப்புட்

சுருளில் இன்னும் 4 மீட்டர் மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை மாட்டிப் பார்த்துவிட்டு அளவுகளைப் போடுகிறேன். தினேஷ் தம்பி, வேறு மைக்ரோமீட்டர் கிடைத்தால் கொண்டு வா, இந்த 0.49 மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.